பன்னிரண்டு பேக்கரிகளும் மூன்று செவ்வகங்களும்: அண்மை அயல் விகிதம் எதைச் சொல்கிறது?

கேள்வி: "வணக்கம் சேர். ஹட்டன் பக்கமுள்ள எங்கள் சிறு நகரத்தில் 12 பேக்கரிகள் இருக்கின்றன. அவை ஒரே இடத்தில் திரண்டிருக்கின்றனவா, சீராகப் பரந்திருக்கின்றனவா என்று அண்மை அயல் விகிதத்தால் சோதித்தேன். நகர எல்லை 4 சதுர கிலோமீற்றர், சராசரி அண்மைத் தூரம் 120 மீற்றர், விகிதம் 0.42 வந்தது, z பெறுமானம் -3.87. ஆகவே திரண்டிருக்கின்றன என்று எழுதினேன். ஆனால் என் நண்பன் அதே புள்ளிகளை QGIS-இல் போட்டபோது 1.03 வந்தது. யார் செய்தது பிழை? பிரதான வீதியின் இருபுறமும் உள்ள 259 கடைகளையும் நடந்து எண்ணி, பேக்கரிகள் எத்தனையாவது மீற்றரில், எத்தனையாவது கடையாக இருக்கின்றன என்ற பட்டியலையும் இணைத்திருக்கிறேன்."

உங்கள் இருவரின் பெருக்கல் வகுத்தலிலும் பிழை இல்லை. நீங்கள் இருவரும் இரண்டு வெவ்வேறு கேள்விகளுக்கு விடை கண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பேக்கரிகளைப் பற்றி நீங்கள் உண்மையில் கேட்க விரும்பிய கேள்வி அவ்விரண்டிலும் இல்லை என்பதே என் கருத்து. அந்தக் கேள்விக்கான விடை உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது, அது 0.42 சொல்வதற்கு நேர்மாறானது.

இந்த விகிதத்தை 1954இல் கிளார்க், எவன்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் உயிரினங்கள், குறிப்பாகத் தாவரங்கள், நிலத்தில் எப்படிப் பரந்திருக்கின்றன என்று அறிவதற்காக வகுத்தார்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அதற்கு மிக அருகிலுள்ள புள்ளிக்கான தூரத்தை அளந்து சராசரி காண்பது முதல் வேலை. அதே எண்ணிக்கையான புள்ளிகளை அதே பரப்பில் எழுமாறாகத் தூவியிருந்தால் அந்தச் சராசரி எவ்வளவாக இருந்திருக்கும் என்று கணிப்பது இரண்டாவது வேலை. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விகிதம் வந்துவிடும். 1க்கு அருகில் வந்தால் எழுமாறான பரம்பல், 1ஐ விடத் தெளிவாகக் குறைந்தால் திரள், தெளிவாகக் கூடினால் சீரான பரம்பல். புள்ளிகள் யாவும் முக்கோண வலை போல ஒன்றுக்கொன்று சம தூரத்தில் விலகி நிற்கும்போது அது உச்சமான 2.149ஐ அடையும்.

```
எதிர்பார்ப்புத் தூரம் = 0.5 * sqrt(A / n)
நியம வழு = 0.26136 * sqrt(A) / n
z = (சராசரித் தூரம் - எதிர்பார்ப்புத் தூரம்) / நியம வழு
```

இங்கே n என்பது பேக்கரிகளின் எண்ணிக்கை, A என்பது பரப்பு. பேக்கரிகளின் எண்ணிக்கையும் அவற்றுக்கிடையேயுள்ள தூரமும் நீங்கள் களத்தில் அளந்தவை; அவற்றில் யாரும் கைவைக்க முடியாது. A மட்டும் நீங்கள் தேர்ந்தெடுத்தது. அது வெறும் பரப்பளவு அன்று. "இந்த 12 பேக்கரிகளும் இந்தப் பரப்பில் எந்த இடத்திலும் வந்திருக்கலாம்" என்று நீங்கள் ஏற்றுக்கொண்டதற்கான கையொப்பம். உங்கள் இருவரின் விடைகளும் பிரிந்த இடம் அதுதான்.

முதலில் உங்கள் கணக்கு. 4 சதுர கிலோமீற்றரை 40 இலட்சம் சதுர மீற்றராக எழுதி 12ஆல் வகுத்து, வர்க்கமூலத்தின் பாதியை எடுத்தால் எதிர்பார்ப்புத் தூரம் 289 மீற்றர். 120ஐ அதனால் வகுத்தால் 0.42. நியம வழு ஏறத்தாழ 44 மீற்றர் என்பதால் z பெறுமானமும் -3.87 என்றே வருகிறது. ஆனால் அந்த 4 சதுர கிலோமீற்றருக்குள் என்ன இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். ஒருபுறம் தேயிலை மலை, அதற்குக் கீழே ரயில் பாதை, மறுபுறம் ஆற்றுக்கு இறங்கும் சரிவு, அவற்றுக்கு நடுவே ஒரே ஒரு வீதி. தேயிலைச் செடிகளுக்கு நடுவிலும் ஆற்றுப் பள்ளத்திலும் பேக்கரி வைக்கலாம் என்று எடுத்துக்கொண்டால், வீதியோரத்தில் இருக்கும் எதுவும் திரண்டிருப்பதாகத்தான் தெரியும். பேக்கரிகளுக்குப் பதிலாக மின்கம்பங்களை எடுத்தாலும் நீங்கள் இதே முடிவுக்கு வருவீர்கள். மின்கம்பங்களோ கிட்டத்தட்ட சம இடைவெளியில் நடப்பட்டவை. 0.42 என்ற எண் பேக்கரிகள் திரண்டிருப்பதைக் காட்டவில்லை, ஊர் ஒற்றை வீதியாக நீண்டிருப்பதைக் காட்டுகிறது.

இனி உங்கள் நண்பரின் கணக்கு. QGIS-இல் உள்ள Nearest neighbour analysis என்ற கருவி பரப்பை உங்களிடம் கேட்பதில்லை. புள்ளிகள் அனைத்தையும் அடக்கும், வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் நிற்கும் செவ்வகத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. உங்கள் வீதி வரைபடத்தில் சாய்வாக ஓடுவதால் அந்தச் செவ்வகம் ஏறத்தாழ 1300 மீற்றருக்கு 500 மீற்றர், அதாவது 6,50,000 சதுர மீற்றர். எதிர்பார்ப்புத் தூரம் 116 மீற்றராகக் குறைகிறது, விகிதம் 1.03 ஆகிறது, "எழுமாறானது" என்று முடிகிறது.

நான் உங்கள் புள்ளிகளை மூன்றாவது விதமாகவும் கணித்துப் பார்த்தேன். ArcGIS-இல் உள்ள Average Nearest Neighbor, பரப்புக் கொடுக்காவிட்டால், புள்ளிகளைச் சுற்றி எந்தக் கோணத்திலும் வரையக்கூடிய மிகச்சிறிய செவ்வகத்தை எடுத்துக்கொள்ளும். வீதியின் சாய்வுக்கேற்பச் செவ்வகத்தையும் சாய்த்தால் அது 1400க்கு 180 மீற்றராக ஒடுங்கி 2,52,000 சதுர மீற்றராகிறது. இப்போது எதிர்பார்ப்புத் தூரம் 72 மீற்றர், விகிதம் 1.66, z பெறுமானம் 4.3. பேக்கரிகள் மிகத் தெளிவாகச் சீராகப் பரந்திருப்பதாக இது சொல்கிறது.

ஒரு பேக்கரியும் இடம் மாறவில்லை. ஆனால் திரள், எழுமாறு, சீர் என்று மூன்று தீர்ப்புகளும் வந்துவிட்டன. சாய்வான வீதிக்கும் நேர் கிழக்காக ஓடும் வீதிக்கும் கணினி வெவ்வேறு பரப்பைத் தருமென்றால், அந்தத் தீர்ப்பில் வணிகத்தைப் பற்றிய செய்தி எதுவும் இல்லை. ஆகவே மென்பொருள் தானாக எடுக்கும் பரப்பை நம்பி எந்த அறிக்கையும் எழுத வேண்டாம். இரண்டு நகரங்களை ஒப்பிடும்போது இந்தத் தவறு இன்னும் ஆழமாகப் புதைந்துவிடும். ஒரு நகரத்தின் செவ்வகம் தேயிலையால் நிரம்பியிருக்க, மற்றதன் செவ்வகம் கடைகளால் நிரம்பியிருக்கும்; வேறுபாடு நிலத்துடையதா கடைகளுடையதா என்று பின்னர் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். கைத்தொலைபேசியில் எடுத்த புள்ளிகள் பாகைகளில் இருக்கும். அவற்றை அப்படியே QGIS-இல் போட்டால் தூரம் மீற்றரிலும் பரப்பு பாகை வர்க்கத்திலும் அளக்கப்பட்டு, விகிதம் ஒரு இலட்சத்தைத் தாண்டிய ஒரு எண்ணாக வரக்கூடும். விகிதம் 2.15ஐ மிஞ்சிப் பெரிதாகப் போனால் முதலில் அலகைச் சந்தேகியுங்கள். EPSG:5235 என்ற இலங்கைக் கட்டத்துக்கோ EPSG:32644க்கோ மாற்றிய பிறகே அளக்க வேண்டும். உங்கள் நண்பர் அதைச் சரியாகவே செய்திருக்கிறார்.

ஒடுங்கிய செவ்வகத்தின் 1.66ஐயும் நான் ஏற்கவில்லை. மேலே தந்த சூத்திரம் விளிம்பே இல்லாத பரந்த சமவெளியை எண்ணி எழுதப்பட்டது. விளிம்பை ஒட்டியுள்ள கடைக்கு ஒரு பக்கத்தில் அயலே இருக்க முடியாது என்பதால் அதன் அண்மைத் தூரம் இயல்பாகவே கூடும். 180 மீற்றர் அகலமுள்ள கீற்றில் ஏறத்தாழ எல்லாக் கடையும் விளிம்புக் கடைதான். 1978இல் டொனெலி தந்த விளிம்புத் திருத்தத்தைச் சேர்த்தால் 1.66 என்பது 1.35ஆக இறங்கிவிடுகிறது. அந்தத் திருத்தமும் அகல நீளங்களில் பெரிய வேறுபாடு இல்லாத பரப்புகளுக்கே பொருந்தும். இப்படிப்பட்ட கீற்றில் பரப்பைத் திருத்திக்கொண்டே போவதை விட, பரப்பையே விட்டுவிடுவது மேல்.

மலையகத்தின் பல நகரங்கள் பரப்பே அல்ல, கோடுகள். அவிசாவளையிலிருந்து ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் A7 வீதியில் பயணம் செய்தவர்களுக்கு இது தெரியும். வீதி எங்கே கொஞ்சம் மட்டமாகிறதோ அங்கே கடைகள் தொடங்கி, மலை மீண்டும் நெருங்கும் இடத்தில் முடிந்துவிடும். ஆகவே தூரத்தை வீதி வழியாக அளந்து, எதிர்பார்ப்பையும் கோட்டுக்கே கணிக்க வேண்டும். L நீளமுள்ள கோட்டில் n புள்ளிகளை எழுமாறாக வைத்தால் சராசரி அண்மைத் தூரம் இது:

```
L * (n + 2) / (2 * n * (n + 1))
```

இதில் இரு முனைகளின் விளிம்பு விளைவும் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. முனையில் உள்ள கடைக்கு ஒரே ஓர் அயல், இடையில் உள்ளதற்கு இரண்டில் கிட்டியது என்று பிரித்து எழுதினால் இந்தச் சூத்திரத்தை நீங்களே வருவித்துக்கொள்ளலாம்.

உங்கள் பட்டியலின்படி கடைத்தெரு 1800 மீற்றர். பேக்கரிகள் இருக்கும் இடங்கள்:

```
மீற்றர்: 60 210 380 640 700 790 850 900 1080 1290 1480 1690
கடை எண்: 4 20 39 79 99 128 149 168 197 217 235 254
```

மீற்றர் வரிசையை முதலில் பாருங்கள். 60இல் உள்ள பேக்கரிக்கு அண்மையானது 210இல், 150 மீற்றர். 380க்கு 170. நகர நடுவில் 640, 700 இரண்டும் ஒன்றுக்கொன்று 60. 850, 900 இரண்டும் 50. மேல் முனையில் 1690க்கு 210. பன்னிரண்டையும் கூட்டினால் 1520. சராசரி 127 மீற்றர். வளைவுகளால் இது நேர்கோட்டுச் சராசரியான 120ஐ விடச் சற்றே கூடியிருக்கிறது. எழுமாறான எதிர்பார்ப்பு 1800ஐ 14ஆல் பெருக்கி 312ஆல் வகுத்தால் 81 மீற்றர். விகிதம் 1.57.

வீதி வழியாக அளக்கும்போது ஓர் இடத்தை மட்டும் நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். கொண்டை ஊசி வளைவின் மேல் வீதியிலும் கீழ் வீதியிலும் இரண்டு பேக்கரிகள் இருந்து, அவற்றுக்கிடையே கல் படிக்கட்டு ஒன்றும் இருந்தால், பாண் வாங்க வருகிறவர் 300 மீற்றர் வீதியைச் சுற்றாமல் படியிலேயே இறங்குவார். அங்கே படிக்கட்டின் தூரத்தைத்தான் எழுத வேண்டும். வரைபடத்தில் படிக்கட்டுகள் பெரும்பாலும் இருப்பதில்லை. அதற்கு நடந்தவரின் குறிப்புப் புத்தகம் தேவை.

1.57 என்பது தற்செயலாக வரக்கூடியதா என்று அறிய 0.26136 கொண்ட நியம வழுவை இங்கே பயன்படுத்தக்கூடாது, அது தளத்துக்குரியது. கோட்டில் 12 புள்ளிகளை மீண்டும் மீண்டும் எழுமாறாக வைத்தால் விகிதத்தின் நியம விலகல் ஏறத்தாழ 0.25 ஆக இருக்கும். அதாவது எந்தக் காரணமும் இல்லாமலே 0.5 முதல் 1.5 வரை அது அலையக்கூடும். 12 என்பது எவ்வளவு சிறிய எண் என்பதை இந்த அகலமான இடைவெளியில் பார்க்கலாம். பிள்ளைகள் 0.8 வந்தவுடனே "திரள்" என்றும் 1.2 வந்தவுடனே "சீர்" என்றும் எழுதுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன்; 12 கடைகளை வைத்து அப்படி எதுவும் சொல்ல முடியாது. உங்கள் 1.57 அந்த இடைவெளிக்குச் சற்று வெளியே நிற்பதால்தான் அதை மேலும் தொடர்ந்து பார்ப்பது தகும்.

ஆயினும் ஒரு முரண்பாடு உங்கள் கண்ணில் பட்டிருக்கும். நடுவில் 260 மீற்றருக்குள் ஐந்து பேக்கரிகள் இருக்க, எப்படிச் சீர் என்பது? பஸ் நிலையத்தைச் சுற்றி நடக்கும் எவருக்கும் பேக்கரிகள் மொய்த்திருப்பதாகவே தோன்றும். ஆனால் அங்கே எல்லாமே மொய்த்துத்தான் இருக்கின்றன. பலசரக்குக் கடை, துணிக்கடை, நகைக்கடை, தொலைபேசிக் கடை எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. வீதியின் எல்லா மீற்றரிலும் கடை வைக்க ஒரே அளவு இடம் இருக்கிறது என்று நாம் இன்னும் எண்ணிக்கொண்டிருப்பதுதான் மீதமுள்ள பிழை. பேக்கரி எங்கே வந்திருக்கலாம்? ஒரு கடை இருக்கக்கூடிய இடத்தில். அப்படியானால் அளவுகோலும் மீற்றராக இருக்கக்கூடாது, கடையாக இருக்க வேண்டும்.

இங்கேதான் நீங்கள் நடந்து எண்ணிய 259 கடைகள் பெறுமதி பெறுகின்றன. இரண்டாவது வரிசையில் கடை எண்களை வைத்து அதே கணக்கைச் செய்யுங்கள். 4க்கும் 20க்கும் இடையே 16, 39க்கு 19, 79க்கும் 99க்கும் 20, 128க்கு 21, 149, 168 இரண்டுக்கும் 19, 197க்கு 20, 217, 235 இரண்டுக்கும் 18, 254க்கு 19. கூட்டுத்தொகை 225, சராசரி 18.75 கடை. 259 கடைகளில் எழுமாறாக 12ஐத் தேர்ந்தால் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 12 கடை. விகிதம் 1.6க்கு மிக அருகில் வருகிறது.

விகிதம் 1.57இலிருந்து பெரிதாக மாறவில்லை. என்னை ஈர்த்தது அதற்குப் பின்னால் உள்ள தனித்தனித் தூரங்கள். மீற்றரில் அவை 50க்கும் 210க்கும் இடையே சிதறிக் கிடந்தன. கடைக் கணக்கில் எல்லாமே 16க்கும் 21க்கும் இடையே அடங்கிவிட்டன. பஸ் நிலையத்தடியில் 50 மீற்றரில் அடுத்த பேக்கரி, ஊர் முனையில் 200 மீற்றரில் அடுத்த பேக்கரி. இரண்டு இடத்திலும் இடையில் உள்ள கடைகள் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கை. இந்த ஊரில் பேக்கரிகள் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கின்றன என்பதற்கு எந்த z பெறுமானத்தையும் விட இந்தப் பட்டியல் நல்ல சாட்சி. பாணும் பணிஸும் வாங்க யாரும் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்பதில்லை. வழியில் முதலில் வருவதில் வாங்கிவிடுகிறார்கள். அதனால் பக்கத்துப் பேக்கரியை ஒட்டி இன்னொன்றைத் திறப்பவருக்கு இலாபமில்லை. நகைக்கடைகளை இதே முறையில் எண்ணினால் விடை மறுபக்கம் சாயும் என்று எதிர்பார்க்கிறேன், ஏனெனில் நகை வாங்குகிறவர் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குவார். அவற்றின் கடை எண்களும் உங்கள் குறிப்பில் இருக்குமாதலால் நீங்களே சோதிக்கலாம்.

கடைக் கணக்குக்குச் சூத்திரத்தை நம்பாமல், எழுமாறாகக் குலுக்கியே பார்த்துவிடுவது நல்லது. கணினியில் சில வரிகள் போதும்:

```python
import numpy as np
s = np.array([4,20,39,79,99,128,149,168,197,217,235,254])
def ann(x):
    g = np.diff(np.sort(x))
    return np.minimum(np.r_[g[0], g], np.r_[g, g[-1]]).mean()
rng = np.random.default_rng(1)
sim = np.array([ann(rng.choice(259, 12, replace=False))
                for _ in range(9999)])
print(ann(s) / sim.mean(), (sim >= ann(s)).mean())
```

முதலில் அச்சாகும் எண் விகிதம். இரண்டாவது, எழுமாறாகத் தேர்ந்த 12 கடைகள் உங்கள் பேக்கரிகள் அளவுக்கோ அதற்கு மேலோ விலகி நிற்கும் வாய்ப்பு. அது நூறில் ஓரிரண்டு அளவுக்கே இருக்கும். இந்த நிரலில் பரப்பும் இல்லை, செவ்வகமும் இல்லை, விளிம்புத் திருத்தமும் இல்லை. ஒரே கட்டடத்தில் கீழும் மேலும் இரண்டு கடைகள் இருந்தால் அவற்றுக்குத் தனித்தனி எண் கொடுத்தீர்களா என்பதை மட்டும் சரிபாருங்கள். வரைபடப் புள்ளிகளில் அவை இரண்டும் பூச்சியத் தூரத்தில் விழுந்து சராசரியைக் கீழே இழுத்துவிடும்.

அறிக்கையில் "பேக்கரிகள் சீராகப் பரந்துள்ளன" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். "பிரதான வீதியிலுள்ள 259 கடைகளில் எழுமாறாக 12 கடைகள் பேக்கரிகளாக அமைந்திருந்தால் எதிர்பார்க்கக்கூடியதை விட, இவை ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 1.6 மடங்கு விலகி நிற்கின்றன" என்று எழுதுங்கள். எதனோடு ஒப்பிட்டீர்கள் என்பது அந்த வசனத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். நீங்கள் முதலில் கண்ட 0.42ஐயும் மறைக்க வேண்டியதில்லை; நகர எல்லை முழுவதையும் பரப்பாகக் கொண்டால் அது வருகிறது என்றும், அதில் பெரும்பகுதி தேயிலையும் சரிவும் என்பதால் அதை ஏற்கவில்லை என்றும் ஒரு பந்தியில் சொல்லுங்கள்.

இன்னொரு விடயம். இந்த விகிதம் முதல் அயலை மட்டுமே பார்க்கிறது. இரண்டாவது அயல் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. உங்கள் கடை எண்களில் 39க்கு அடுத்தது 79. நடுவே 39 கடைகளில் ஒரு பேக்கரியும் இல்லை. 39ஆம் கடைக்கு 20ஆம் கடை அருகில் இருப்பதாலும் 79க்கு 99 அருகில் இருப்பதாலும், இந்த நீண்ட வெற்றிடம் சராசரியில் ஓர் இலக்கத்தைக்கூட மாற்றவில்லை. முழு வீதியிலும் வழமையான இடைவெளியை விட இரட்டிப்பாக இருப்பது இந்த ஒன்றுதான். 380ஆம் மீற்றருக்கும் 640ஆம் மீற்றருக்கும் இடையே என்ன இருக்கிறது? முன்பு அங்கே ஒரு பேக்கரி இருந்து மூடப்பட்டதா? தேநீர்க் கடைகளே பணிஸ் விற்கின்றனவா? அல்லது எண்ணும்போது ஒன்று தவறிவிட்டதா? ஒரு பேக்கரி அங்கே விடுபட்டிருந்தால் விகிதமும் மாறும், எனவே அறிக்கையைக் கொடுப்பதற்கு முன் அந்த 260 மீற்றரை மட்டும் இன்னொரு முறை நடந்துவிடுங்கள்.